நின்ற விளக்கு: சில நாட்களின் குறிப்புகள்

ஆகஸ்ட் 4

மூன்று மாதங்களாகக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒற்றை வரியாகவே கிடக்கிறது: “கலங்கரை விளக்கத்தின் காவலர் ஓர் இரவில் விளக்கை நிறுத்திவிடுகிறார்.” இன்று அதைத் தொடக்கக் காட்சியாக எழுத உட்கார்ந்து நான்கு பக்கங்கள் எழுதினேன், நான்கையும் கிழித்துவிட்டேன். அவருடைய தனிமையும் அலைகளின் இரைச்சலும் அவற்றில் நிறைய இருந்தன. ஆனால் அந்த நான்கு பக்கங்களிலும் அவருடைய கைகள் எதையும் தொடவில்லை.

ஆகஸ்ட் 5

தவறு “நிறுத்துகிறார்” என்ற சொல்லில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை ஒரே செயலாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் மூன்று செயல்கள் இருக்கின்றன.

கதை நடப்பது 1930களில், மின்சாரம் வந்து சேராத ஒரு தென்கரைக் கோபுரத்தில். மண்ணெண்ணெய் ஆவியில் எரியும் மேன்டிலைச் சுற்றி ஆளுயரத்தைத் தாண்டிய லென்ஸ் நிற்கும்; அது பாதரசத் தொட்டியில் மிதப்பதால் பல டன் கனத்தையும் ஒரு கையால் தள்ளிச் சுழற்றிவிடலாம். அதைச் சீராகச் சுழற்றுவது கடிகாரப் பொறி. பொறியை ஓட்டுவது கோபுரத்தின் நடுக்குழாயில் கம்பியில் தொங்கியபடி மெல்ல இறங்கும் எடைக்கல். கல் அடியை நெருங்கும்போது மணி ஒலிக்கும். காவலர் கைப்பிடியைச் சுற்றி அதை மேலே ஏற்றவேண்டும், சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போல.

ஆகவே அவர் மேன்டிலை அணைத்துவிடலாம். அல்லது மணி ஒலித்தும் சாவி கொடுக்காமல் இருந்துவிடலாம். அப்போது லென்ஸ் தானாகத் தளர்ந்து எங்கோ ஓரிடத்தில் நிற்கும். அல்லது பொறியைத் தடுத்துவிட்டு, லென்ஸைத் தன் கையால் பிடித்து, தான் விரும்பும் இடத்தில் நிறுத்தலாம். முதலாவது கோபத்தில் செய்யக்கூடியது, இரண்டாவது சோர்வில் நேரக்கூடியது. மூன்றாவதைச் செய்பவருக்கு மட்டுமே மனத்தில் ஒரு திசை இருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 6

அம்மா மூன்று மணிக்குத்தான் உறங்கினாள். சொட்டு மருந்து நிமிடத்துக்கு இருபது.

ஆகஸ்ட் 8

லென்ஸ் நின்றுவிட்டால் கடலில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்பதை இரண்டு நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆகவே எல்லோருக்கும் நிலையான ஒளியாகத் தெரியும் என்று முன்பு நம்பியிருந்தேன். அது பிழை.

நான்கு பட்டைகள் கொண்ட முதல் தர லென்ஸ் என வைத்துக்கொண்டேன். அது நான்கு ஒளிக்கற்றைகளை, ஒன்றுக்கொன்று 90 பாகை இடைவெளியில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வீசும். 40 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் கடலில் 10 வினாடிக்கு ஒரு மின்னல் தெரியும். மாலுமி அந்த 10 வினாடியை எண்ணித்தான் இது எந்தக் கோபுரம் என்று அறிகிறான். குவியத் தொலைவு 920 மில்லிமீட்டர், மேன்டிலின் அகலம் 85 மில்லிமீட்டர். இரண்டையும் வகுத்தால் ஒரு கற்றையின் அகலம் 5 பாகைக்குச் சற்று மேல். நான்கு கற்றைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 21 பாகை. முழு வட்டத்தில் மீதமுள்ள 339 பாகையிலும் கோபுரம் இருந்தும் இல்லாததுதான். மிக அருகில் வந்தால் ஒரு மங்கல் தெரியலாம்.

சுழலும்போது எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிடப்பட்ட அதே ஒளி, நின்றதும் நான்கு ஒடுங்கிய பாதைகளுக்கு மட்டும் முழுவதுமாகக் கிடைக்கிறது. இதைப் புரிந்துகொண்டபோது காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் இருந்தேன். ஒரு கடல் மைல் தொலைவில் அந்தப் பாதையின் அகலம் சுமார் 170 மீட்டர். கரைக்கு முன்னே பாறைத் தொடர் இருந்து, அதில் ஒரு படகு நுழையும் அளவுக்கு ஒரு வாய் மட்டும் திறந்திருந்தால், கற்றையை அந்த வாயின் மேல் நிறுத்தலாம். ஒளி அணையாமல் கண்ணில் படுகிறவரை நீ சரியான வழியில் இருக்கிறாய். ஒளி மறைந்தால் விலகிவிட்டாய். துறைமுகங்களில் வழிகாட்டும் விளக்குகளில் சிலவற்றை வைப்பதும் இந்த முறையில்தான். அவர் அரசாங்கத்தின் விளக்கை ஒரு கட்டுமரத்தின் விளக்காக மாற்றுகிறார். அதே நேரத்தில் தெற்கே எங்கோ ஒரு சரக்குக் கப்பலில் ஒருவன் ஸ்டாப்வாட்சைப் பிடித்தபடி 10 வினாடியை எதிர்பார்த்து நிற்கிறான்.

மூன்று மாதங்களாகத் தேடிய காரணம், லென்ஸின் அமைப்பிலேயே இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 9

இன்று மருத்துவர் வரவில்லை.

விளக்கு நின்றதை முதலில் அறிபவர் யார்? ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஃபிளானன் தீவுகளில் 1900 டிசம்பரில் மூன்று காவலர்களும் காணாமல் போனார்கள். 15ஆம் தேதி இரவு அவ்வழியே சென்ற ஆர்க்டர் என்ற கப்பல் விளக்கு எரியாததைக் கண்டது. ஆனால் மாற்றுக் காவலரை ஏற்றிவந்த ஹெஸ்பெரஸ் தீவை அடைந்தது 26ஆம் தேதிதான். இருள் கண்ணில் பட்டதற்கும் கதவு திறக்கப்பட்டதற்கும் நடுவே பதினோரு நாட்கள். அது நீண்ட கதைக்குப் பொருந்தும், தொடக்கக் காட்சிக்குப் பொருந்தாது. அறிபவர் கோபுரத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். அறிந்த கணமே ஏதாவது செய்தாகவேண்டிய நிலையிலும் இருக்கவேண்டும்.

கீழறையில் உறங்கும் இளைய காவலர். பார்வை அவருடையது. மூத்தவரின் மனத்துக்குள் நான் இனி நுழையப்போவதில்லை.

ஆகஸ்ட் 11

அம்மா என் கையைப் பிடித்து, “என்னத்தைப்பா எண்ணிக்கிட்டே இருக்கே?” என்றாள். பத்து வரை என்றேன்.

இளையவர் எதைக் கண்டு உண்மையை உணர்கிறார் என்பது மட்டும் பாக்கியிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் மூத்தவர், “கொஞ்சம் அசந்துட்டேன் தம்பி, சாவி கொடுக்க மறந்துபோச்சு” என்று சொல்லிவிடலாம், இளையவரும் நம்பிவிடலாம். அந்தச் சொல் பொய் என்று காட்டக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் கோபுரத்தில் இருக்கிறது. சாவி கொடுக்க மறந்திருந்தால் எடைக்கல் குழாயின் அடியில் கிடக்கவேண்டும். அடியில் இல்லையென்றால் ஒரு கை பொறியைத் தடுத்திருக்கிறது.

அறிவதற்கு அவர் மேலே ஓடவேண்டியதில்லை, கீழே இறங்கவேண்டும்.

ஆகஸ்ட் 12, விடியற்காலை

தொடக்கம், ஏழாவது முறை:

“பொறியின் ஓசை நின்றிருந்தது. மணி ஒலித்ததா என்று தம்பையா நினைவைத் துழாவினார், ஒலித்திருந்தால் விழித்திருப்பார். சன்னல் வழியே பார்த்தபோது, கோபுரத்தின் உச்சியிலிருந்து கிளம்பிய வெளிச்சம் ஈரக்காற்றில் ஒரு வெள்ளைத் தூலத்தைப் போலக் கிழக்கே நீண்டு, அசையாமல் கிடந்தது. அவர் பத்து வரை எண்ணினார். பிறகு நாற்பது வரை எண்ணினார். மேலிருந்து காலடி ஓசை கேட்டது. அது ஓடுபவரின் நடையாக இல்லை. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு அவர் படிகளில் கீழே இறங்கினார். குழாயின் அடியில் இருந்த இரும்புக் கதவு உப்பில் இறுகியிருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்துத் திறந்து, விளக்கை உள்ளே நீட்டினார். அடியில் விரித்திருந்த மணல் ஒரு தடமும் இல்லாமல் சமமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் எட்டும் உயரத்தின் கடைசியில், எண்ணெய் மினுங்கும் கம்பியின் முனையில், கல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.”

“சுழன்றுகொண்டிருந்தது” இருக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கம்பியில் தொங்கும் கல் சற்றே முறுக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் மேலே லென்ஸ் நின்றிருக்கும்போது கீழே கல் சுழல்வது வேண்டுமென்றே வைத்த அலங்காரமாகத் தோன்றக்கூடும். “தொங்கிக்கொண்டிருந்தது” என்பதே போதும்.

ஆகஸ்ட் 13

“தொங்கிக்கொண்டிருந்தது” என்று மாற்றிவிட்டேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டாகக் குறைத்திருக்கிறார்கள்.