ஷீட்டில் எழுதினால் சேனலில் வர வேண்டும்: நர்சரி நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2025, திங்கள்

சந்தூரில் பெரியப்பாவின் மாங்கன்று நர்சரிக்கு ஒரு டெலிகிராம் சேனல் உண்டு. கன்று வாங்கிப் போனவர்களுக்கு மருந்து, தண்ணீர், காய் உதிர்வு என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். "காலைல ஆறு மணிக்குத் தண்ணி பாய்ச்சப் போறவன்தான் போனைப் பார்ப்பான். பத்து மணிக்குப் போட்டா யாருடா படிக்கிறது?" என்கிறார். அந்த நேரத்தில் அவரே தோட்டத்தில் இருப்பார். அதனால் வாரத்துக்கு வேண்டியதை ஞாயிறன்று கூகுள் ஷீட்டில் எழுதிவைத்துவிட்டு, நேரம் வந்ததும் அதுவே போக வேண்டும் என்று முடிவு.

டெலிகிராமின் பாட்ஃபாதரிடம், தானாகச் செய்தி அனுப்பும் ஒரு பாட் உருவாக்கி, அதற்குச் சாவியான டோக்கனை வாங்கி, அந்த பாட்டைச் சேனலில் அட்மின் ஆக்கினேன். இது சீக்கிரம் முடிந்தது. ஷீட்டில் மூன்றே நெடுவரிசை: நேரம், செய்தி, நிலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஷீட்டைப் படித்துச் சேனலுக்கு அனுப்ப, கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சிறு நிரல். அதைக் குறித்த நேரத்தில் ஓடவைப்பது டிரிகர். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி டிரிகர் வைக்கலாம்தான். ஆனால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒருவருக்கு ஒரு ஸ்கிரிப்டில் 20 டிரிகர்தான் அனுமதி. நேரத்தை மாற்றினால் டிரிகரையும் தேடி மாற்ற வேண்டும். அதைவிட ஒரே டிரிகரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, நேரம் வந்த வரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது மேல். 6:00 பதிவு 6:04க்குக்கூடப் போகலாம். மாமரத்துக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

"கரண்ட் போச்சுன்னா?" என்றார் பெரியப்பா. ஓடுவது கூகுளின் கணினியில், நம் வீட்டில் இல்லை என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று முழுக்கத் தேதியோடு மல்லுக்கட்டு. பழைய விலைப்பட்டியல் ஷீட் ஒன்றில்தான் பெரியம்மா வரிகளைத் தட்டியிருந்தார். 14/4/2025 என்ற புத்தாண்டு வாழ்த்து செல்லின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தது. 12/4/2025 வலது ஓரத்தில். இரண்டும் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தன.

காரணம், File > Settings பக்கத்தில் Locale அமெரிக்கா என்று இருந்தது. அங்கே மாதம்தான் முதலில் வரும். பதினான்காவது மாதம் இல்லாததால் முதல் வரி வெறும் எழுத்தாக நின்றுவிட்டது. அது எந்தப் பிழையும் காட்டாமல் போகாமலேயே கிடக்கும். இரண்டாவது வரி டிசம்பர் 4 ஆகிவிட்டது. அதுதான் மோசம், ஏனென்றால் ஷீட்டுக்கு அது நல்ல தேதி.

Time zone வேறு அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் காலை 6:00 பதிவு நமக்கு மாலை 6:30க்கு வரும். ஸ்கிரிப்டுக்கும் தனியாக ஒரு நேர மண்டலம் உண்டு. ஆனால் செல்லில் எழுதிய நேரத்தைப் படிக்கும்போது ஷீட்டின் மண்டலம்தான் கணக்கு. Locale இந்தியா, மண்டலம் கொல்கத்தா என்று மாற்றினேன். மண்டலத்தை மாற்றினால் எழுதிய மணி அப்படியே நிற்கும். Locale அப்படியில்லை: முன்பே தப்பாக ஏறிய தேதிகள் தாமாகத் திருந்தாது, மறுபடி தட்டத்தான் வேண்டும். நெடுவரிசைக்கு மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவமும் கொடுத்துவிட்டேன். Dec என்று வந்தால் பெரியம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்கிரிப்டின் நடுப்பகுதி இவ்வளவுதான்:

```
if (row[2] === '' && row[0] instanceof Date
    && row[0] <= now && now - row[0] < 7200000) {
  const c = sh.getRange(i + 1, 3);
  c.setValue('அனுப்புகிறது');
  SpreadsheetApp.flush();
  c.setValue(send(row[1]));
}
```

வரிசைதான் இதில் விஷயம். அனுப்பிவிட்டு நிலையை எழுதினால், நடுவில் ஸ்கிரிப்ட் நின்றுபோனால் செல் காலியாகவே இருக்கும். ஐந்து நிமிடம் கழித்து அதே செய்தி மறுபடி போகும், அப்புறம் மறுபடி. அதனால் முதலில் குறி, பிறகு அனுப்பு. flush இல்லாவிட்டால் குறி உடனே ஷீட்டில் ஏறும் என்ற உத்தரவாதம் இல்லை. 'அனுப்புகிறது' என்றே நின்றுவிட்ட வரியை மனிதர் பார்த்துத் தீர்க்கட்டும். ஒரு பதிவு விட்டுப்போவது பரவாயில்லை, பத்துத் தடவை வந்தால் ஆட்கள் சேனலை விட்டுப் போய்விடுவார்கள்.

7200000 மில்லிசெகண்ட் என்பது 2 மணி நேரம். 'இன்று காலை தண்ணீர் விடுங்கள்' என்பது சாயங்காலம் போகக் கூடாது அல்லவா? டெலிகிராம் திருப்பித் தரும் message_id நிலை நெடுவரிசையில் ஏறும். எண் இருந்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

ஏப்ரல் 14, திங்கள்

வாழ்த்து 6:03க்கு வந்தது.

ஏப்ரல் 16, புதன்

சோதனைக்காக டோக்கனில் ஓர் எழுத்தை மாற்றிவைத்தேன். வரி 'அனுப்புகிறது' என்று நின்றது, எதிர்பார்த்தபடியே. தோல்வி மின்னஞ்சல் நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்று இருந்ததை டிரிகர் அமைப்பில் 'உடனே' என்று மாற்றினேன். பழ ஈப் பொறி பற்றி மே மாதத்துக்கு நான்கு பதிவு எழுதித் தருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். நோட்டில் எழுதுவாராம், பெரியம்மா தட்டுவாராம்.