முடிவுத் தேதி போடாத மெட்ரோனிடசோல் சீட்டு

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வார்டுக்கு வருகிறவர்களின் மருந்துப் பையை வாங்கி, எது எத்தனை நாளாக ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை. அதில் நான் மிகவும் கவலைப்படுவது மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாடிக். வயிற்றுப்போக்குக்கும் பல் வலிக்கும் ஐந்து, ஏழு நாள் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். பிரச்சினை பெரும்பாலும் வாரக்கணக்கில் ஓடும்போதுதான் வருகிறது.

அல்சூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. ஈரலில் சீழ்க்கட்டி வந்து, வேறொரு இடத்தில் குழாய் போட்டு சீழை எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரை தினம் மூன்று வேளை என்று எழுதியிருந்தார்கள். எத்தனை நாள் என்று எழுதவில்லை. அந்த வகைக் கட்டிக்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இவர் மறுபடி காட்டப் போகவில்லை, தெருமுனை மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வந்தபோது நாக்கு குழறியது, நடை தள்ளாடியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். முதலில் பக்கவாதமா என்றுதான் பார்த்தார்கள், அப்படிப் பார்ப்பதுதான் சரி. குடித்திருக்கிறாரா என்றும் கேள்வி வந்தது, அவர் மனைவிக்கு அது மனசைக் குத்திவிட்டது. அந்த அக்காவிடம் நான் அவர் கால்களைப் பற்றிக் கேட்டேன். "கால் எரியுதுன்னு சொல்லிட்டே இருந்தாரும்மா, செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரியலை. சர்க்கரைதான்னு விட்டுட்டோம்" என்றார் அக்கா. எப்போதிருந்து என்றால், மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து.

இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். சர்க்கரையால் வரும் கால் மதமதப்பு பெரும்பாலும் வருடக்கணக்கில் மெல்ல ஏறும். இது சில வாரத்தில், இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறியது. டாக்டர் அதிர்வுக் கவையைப் பெருவிரலில் வைத்தபோது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

காலிப் பட்டைகளையும் பில்களையும் கட்டிலில் பரப்பி நானும் அக்காவும் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 1.2 கிராம், ஏறக்குறைய பத்து வாரம், ஆக 84 கிராம் வரை போயிருக்கிறது. மொத்தம் 42 கிராமைத் தாண்டினால் நரம்புப் பாதிப்பு கூடுதலாக வருகிறது என்பது தெரிந்த விஷயம், இவருடைய அளவில் அது 35 நாளிலேயே வந்துவிடும். ஆனால் அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அர்த்தமில்லை. மூளையைத் தாக்குவது சிலருக்குக் குறைந்த நாட்களிலேயே வந்திருக்கிறது. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரல் என்பதால், ஈரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு உடம்பில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சிறுமூளையில் டென்டேட் என்கிற பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிந்தது. பக்கவாதம் பொதுவாக இப்படி இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி வராது. அன்றே மாத்திரையை நிறுத்தினார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைபாடும் இதேபோலக் காட்டும் என்பதால் அந்த ஊசியும் போட்டார்கள். ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்ததால் வேறு ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் போன்ற ஒன்றுக்கு மாறலாம், அதுவும் கிருமியைப் பொறுத்தது. டினிடசோல், ஆர்னிடசோல் என்று மாற்றுவதில் பயனில்லை, அவையும் இதே குடும்பம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மாற்றச் சொன்னால் கை முதலில் அங்கேதான் போகிறது.

பேச்சு ஒரு வாரத்துக்குள் தெளிந்தது, நடை அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. கால் எரிச்சல்தான் போகவில்லை, மாதக்கணக்கில் இருந்தது. மூளைப் பாதிப்பு பெரும்பாலும் சீக்கிரம் திரும்பிவிடும், கால் நரம்பு மெதுவாகத்தான் ஆறும், சிலருக்கு முழுக்க ஆறாது. அதனால்தான் எரிச்சல் தொடங்கிய வாரத்திலேயே சொல்லியிருந்தால் என்று இன்னும் ஆதங்கப்படுகிறேன்.

நீண்ட நாள் இதைச் சாப்பிடுகிறவர்களிடம் இப்படிச் சொல்கிறேன்: வாயில் உலோகச் சுவை, கொஞ்சம் கறுத்த சிறுநீர் இரண்டும் பெரும்பாலும் சாதாரணம். பாதம் எரிந்தாலோ மரத்தாலோ அன்றைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்கள், தொடரலாமா மாற்றலாமா என்று அவர் சொல்லட்டும். பேச்சு குழறினால், தள்ளாடினால், குழப்பம் வந்தால், வலிப்பு வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள், மாத்திரைப் பட்டையோடு. எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு மெட்ரோனிடசோல் சீட்டிலும் நிறுத்தும் தேதியை டாக்டரிடம் கேட்டு எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.