உண்டியலுக்குச் சாவி எதற்கு?

உசிலம்பட்டிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில், மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பெண்களுக்கு ஸ்மார்ட்போன் பழக்குகிற தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதையும் யூடியூபில் சமையல் பார்ப்பதையும் அவர்கள் பேரப்பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்கு எங்கள் தயவு தேவைப்படவில்லை. அவர்கள் எங்களிடம் கேட்டது, போனில் வருகிற பணத்தைத் தாங்களே வாங்கவும் தாங்களே பார்க்கவும் வேண்டும் என்பதைத்தான். மல்லிகை தொடுத்துக் கொடுக்கிற பெண்களிடம் மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகள் ரொக்கத்தை எண்ணிக் கொடுப்பதை விட்டுவிட்டு, "ஜிபே இருக்காக்கா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் தடை விரலில் இருந்தது. தொடுதிரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. தோலின் வழியே நிகழும் மிகச் சிறிய மின் மாற்றத்தைத்தான் உணர்கிறது. களையெடுத்தும் நார் இழுத்தும் காய்ப்பேறிய, வறண்ட விரல் நுனியைத் திரை பல வேளைகளில் விரலாகவே ஏற்றுக்கொள்வதில்லை. அது ஏற்கவில்லை என்றதும் இவர்கள் மிக்ஸி பட்டனைப் போல் அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்திப் பிடித்தால் போனுக்கு அது வேறு கட்டளை என்பதால், செயலியின் படம் இடம்பெயர்ந்து எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். "தொட்டா அசைய மாட்டேங்குது, அமுக்குனா ஓடிப்போகுது, எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு" என்று ஓர் அக்கா சொல்ல, அன்றைய வகுப்பு அத்துடன் கலைந்தது. பூவுக்குத் தெளித்த தண்ணீர் கையிலிருந்தாலோ கதை தலைகீழாகி, தொடாத எண்களெல்லாம் தாமாகவே விழும். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, வேலை அதிகம் படாத இடக்கைச் சுண்டுவிரலால் மெல்லத் தொட்டு எடுப்பது என்ற வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் பணப் பரிமாற்றம் சுண்டுவிரலில்தான் நடக்கிறது.

அடுத்தது யூபிஐ பின் எண். இத்தகைய வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிற சூத்திரம், 'பின் போட்டால் பணம் போகும். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை' என்பதாகும். பழைய பொருளை வாங்கிக்கொள்கிறேன் என்றோ, அரசுப் பணம் வந்திருக்கிறது என்றோ பேசி, ஒரு க்யூஆர் கட்டத்தை அனுப்பி, 'இதை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும்' என்கிற ஏமாற்று வேலை இந்த ஒரு சூத்திரத்தில் அடிபட்டுப்போகும் என்பதால் நாங்களும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். அவர்கள் அதை எங்களைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பாடம் வந்தது. இருப்பைக் காட்டவும் செயலி பின் எண்ணைத்தான் கேட்கும். ஒருவரும் போடவில்லை. "போட்டா போயிரும்னு நீதான பாப்பா சொன்ன? இப்ப போடுங்கற. உன்னையே நம்பலாமா வேணாமான்னு தெரியலையே" என்று குழுவின் தலைவியம்மா கேட்டபோது, ஏமாற்றுக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது என்று நான் மகிழ்ந்தாலும், பதில் சொல்லச் சற்று நேரமானது.

பதிலை நான் சொல்வதற்குள், பூத் தொடுத்துக்கொண்டே கேட்டிருந்த ஓர் அக்கா சொன்னார்: "உண்டியல்ல காசு போடுறவனுக்குச் சாவி எதுக்கு? எண்ணிப் பாக்கவும் அள்ளவும்தான சாவி வேணும். பாக்கும்போதும் தெறக்கத்தான செய்யணும்?" நான் தயாரித்து வைத்திருந்த விளக்கப் படத்தை அப்படியே சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

திறப்பது பார்ப்பதற்கா அள்ளுவதற்கா என்பதை எப்படி அறிவது என்பதே மிச்சமிருந்தது. செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தபோதும், எங்கள் வகுப்புக்கு வந்த போன்களில் பின் கேட்கிற பக்கம் மட்டும் ENTER UPI PIN என்று ஆங்கிலத்திலேயே வந்தது. இந்தப் பெண்களில் பலருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் பஸ் நம்பரும் பூ விலையும் தெரிந்தவர்களுக்கு எண்கள் நன்றாகவே தெரியும். பணம் அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் பெறுபவரின் பெயரும், ₹ குறியோடு தொகையும் இருக்கும்; இருப்பைப் பார்க்கும்போது தொகை எதுவும் இராது. ஆகவே, சுண்டுவிரலை வைப்பதற்கு முன் கண்ணை மேலே கொண்டுபோய் ₹ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பணம் நம்மை விட்டுப் போகப்போகிறது என்று பொருள். உண்டியல் அக்காவின் போனுக்கு நானே என் போனிலிருந்து 10 ரூபாய் அனுப்பிக் காட்டினேன். பின் எதுவும் கேட்காமலேயே அது வந்து சேர்ந்ததும், இது உண்மைதானா என்று உறுதிசெய்துகொள்ள இன்னொரு முறை அனுப்பச் சொன்னார். வகுப்பிலிருந்த மற்றவர்களும் வரிசையாக உறுதிசெய்துகொண்டார்கள்.

பின்னை மனதில் வைத்துக்கொள்வது பற்றி நான் பெருமையாக எதுவும் எழுத முடியாது. குழுவில் கடன் கணக்கு முதற்கொண்டு எல்லாவற்றையும் உரக்கப் பேசிப் பழகியவர்கள், ஆளுக்கொரு பின் எண்ணை உரக்கச் சொல்லியே மனப்பாடம் செய்தார்கள். ஒருவர் வீட்டில் அது காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றச் சொல்லி மாற்றினார். புதியதும் அங்கேயே எழுதப்பட்டது.

இந்தப் பாடமெல்லாம் செயலி திறந்தவர்களுக்குத்தான். வங்கியில் பதிவான செல்பேசி எண்ணின் சிம் அந்தப் போனுக்குள்ளேயே இருந்தால்தான், செயலி அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிச் சரிபார்த்துக் கணக்கைக் கண்டுபிடிக்கும். வந்தவர்களில் கணிசமானோரின் கணக்கில் கணவரின் எண்ணோ மகனின் எண்ணோதான் இருந்தது. வகுப்பில் எல்லோரையும்விட வேகமாகக் கற்ற அப்பத்தாவின் நிலையும் அதுதான். எத்தனை முறை முயன்றாலும் அந்த எண்ணுக்குக் கணக்கே இல்லை என்றது செயலி. "கணக்கு இல்லையா? பாஸ்புக்கு இந்தா இருக்கு, அதுக்குக் காட்டு" என்று பாஸ்புக்கைப் போனின் முன்னால் நீட்டினார்.

திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகனிடம் நான் பேசிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. "வணக்கம் சார், உங்கள் அம்மாவின் வங்கிக் கணக்கு தொடர்பாகப் பேசுகிறேன்" என்று நான் தொடங்கியதும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தபோது என் எண் தடை செய்யப்பட்டிருந்தது. "பாத்தியா, எம்புள்ளைய எவனும் ஏமாத்த முடியாது" என்று அப்பத்தாவுக்கு ஒரே பூரிப்பு.

வேறு வழியில்லாமல் பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கே போய், எண் மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம். கையெழுத்து முன்பு போட்டதைப் போல இல்லை என்று திருப்பியதால், அடுத்த முறை இரண்டு எழுத்துகளை நெருக்கிப் போட்டு அதைச் சரிக்கட்டினார். எண் மாறியது. ஏடிஎம் கார்டு இல்லாததால் பின் அமைக்கிற வேலை இன்னும் நிற்கிறது, அதற்கும் விண்ணப்பித்திருக்கிறார்.

எண் மாறிய பிறகு, மாதா மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய்க்கான குறுஞ்செய்தி முதன்முறையாக அப்பத்தாவின் போனுக்கே வந்தது. அது 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். அன்றிலிருந்து அவர் கணக்கில் விழுந்த ஒவ்வொரு ரூபாயும் மகனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. எடுத்ததும் அவனுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து, நாங்கள் வகுப்பில் இருக்கும்போதே அவனிடமிருந்து அழைப்பு வந்தது. இந்த மாதம் மெசேஜ் வரவில்லையே, பணத்தை நிறுத்திவிட்டார்களா என்று விசாரித்திருக்கிறான்.

"வந்துருச்சுப்பா" என்றார் அப்பத்தா. "எவ்வளவு இருக்குன்னு கேக்குறியா? அதெல்லாம் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு டீச்சரு சொல்லியிருக்கு."

நான் அப்படிச் சொல்லவில்லை. பின் எண்ணைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் அவனிடம் அதை விளக்க எனக்கு வழியில்லை. என் எண் இன்னமும் தடையில்தான் இருக்கிறது.