விலையைக் குறைப்பதா, படத்தை மாற்றுவதா: அரியர் எழுதித் தேறியவனின் குறிப்புகள்

முடிவுகள் நேற்று மாலை வெளிவந்தன. சில்லறை வணிகத் தாளில் எனக்கு 64 மதிப்பெண். போன முறை இதே தாளில் 47 எடுத்து, 3 மதிப்பெண்ணில் கோட்டை விட்டவன் நான். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே என்பதால், பகுதி இ-யின் கட்டாய வினாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டு முறையும் அது ஒரே வகையாகவே வந்தது: இணையத்தில் ஒரு பொருள் விற்காமல் கிடக்கிறது, விலையைக் குறைப்பீர்களா, படங்களையும் விவரத்தையும் சீர்படுத்துவீர்களா, காரணம் கூறி முடிவு செய்க.

முதல் முறை பாளையங்கோட்டையில் தேர்வெழுதியபோது, "விலையை 10 சதவீதம் குறைத்து, கூடவே நல்ல படங்களையும் போட வேண்டும்" என்று எழுதினேன். இரண்டையும் சொன்னால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும் என்ற நப்பாசைதான். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், பின்னர் விற்பனை கூடினாலும் எதனால் கூடியது என்று சொல்ல வழியே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை கணக்கில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தோற்றபின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவனைத் தன் கடைக்கணக்கைப் பார்க்கச் சொன்னது பத்தமடையில் இருக்கும் என் சித்தி. நெசவாளர்களிடம் கோரைப் பாய் வாங்கி, ஒரு விற்பனைத் தளத்தின் வழியாக அனுப்புபவர். ரூ.1,200 விலையில் இருந்த சிவப்புக் கரை போட்ட பாய் ஒன்று நகரவே இல்லை. "வெலையக் கொறச்சிருவோம்ல, வித்துரும்லா" என்றார். நான் முந்தைய 30 நாள்களின் எண்ணிக்கையைக் கேட்டேன். தேடல் பட்டியலில் 4,000 முறை தெரிந்திருந்த பாயை 120 பேர் தொட்டு உள்ளே வந்திருக்கிறார்கள்; வாங்கியவர் ஒருவர். அதே விலையில் இருந்த பச்சைக் கரைப் பாய்க்கு 110 பேர் வந்து, 5 பேர் வாங்கியிருந்தனர்.

முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். வினாத்தாளில் எண்கள் கொடுக்கப்பட்டிருந்தால், எங்கே ஆட்கள் கழன்றுபோகிறார்கள் என்பதை முதலில் தேடுங்கள். பட்டியலில் பலமுறை தெரிந்தும் யாரும் தொடவில்லை என்றால், குறை முதல் படத்திலோ அதன் கீழே தெரியும் விலையிலோ இருக்கிறது. தொட்டு உள்ளே வந்தவர் வாங்காமல் போனால், விலையை முன்பே பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்பதால், பெரும்பாலும் உள்ளே கண்டதோ காணாததோதான் காரணம். கூடையில் போட்டபின் கைவிட்டால் அனுப்புக் கட்டணத்தைப் பாருங்கள்; சுருட்டிய பாய் எடை குறைவானாலும் நீளமானது, கூரியரில் அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டு வாங்குவார்கள். பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் விலையும் படமும் இரண்டாவது பிரச்சினை, தலைப்பில் உள்ள சொற்களே முதலாவது.

புத்தகங்களில் வரும் சராசரி விகிதங்களை நான் நம்புவதில்லை. அதே கடையில், அதே விலையில் இருக்கும் உடன்பிறந்த பொருள்தான் சரியான அளவுகோல். பச்சைக் கரைப் பாய் ரூ.1,200-க்குப் போகிறது என்றால், சிவப்புக் கரைப் பாய்க்கு அந்த விலை கூடுதல் என்று சொல்வது கடினம்.

இதை உறுதிசெய்ய வாங்குபவர் அனுப்பிய செய்திகளைப் படித்தோம். "குறைத்துத் தருவீர்களா" என்று கேட்டவர் ஒருவரே. "நீளம் எவ்வளவு", "மடித்தால் உடையுமா", "இது பிளாஸ்டிக்கா" என்று கேட்டவர்கள் ஏழு பேர். படத்தைப் பார்த்தால் அவர்கள் மேல் குற்றமில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில், பச்சை மொசைக் தரையில், சுருட்டி வைத்து எடுத்த ஒரே படம். சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது. கோரையின் பளபளப்பு நெகிழியைப் போலவே இருந்தது.

திண்ணையில் காலை எட்டு மணி வெளிச்சத்தில் புதிதாக எடுத்தோம். முதல் படத்தில் பாய் முழுவதும் விரித்தபடி. இரண்டாவதில் நெசவின் மேல் ஒரு ரூபாய்க் காசு. கோரை எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பார்த்ததுமே தெரிந்தது. மூன்றாவதில் சித்தி பாயைக் கைக்குட்டைபோல மடித்துப் பிடித்திருந்தார். நான்காவதில் கட்டிலருகே விரித்து, நீள அகலத்தை எழுத்தில் போட்டோம். விலையைத் தொடவில்லை. அடுத்த 30 நாளில் 118 பேர் வந்து, 4 பேர் வாங்கினர்.

ஒன்றுக்கு நான்கு என்பது சின்ன எண், தற்செயலாகவும் நடக்கலாம். அதனால் இன்னொரு மாதம் பொறுத்தோம்; 3 விற்றன. ஆடியில் பழைய படம், ஆவணியில் புதிய படம் என்று ஒப்பிட்டிருந்தால் அது செல்லாது, ஏனெனில் முகூர்த்த மாதத்தில் பாய் தானாகவே போகும். எங்களுக்குத் துணையாக நின்றது மறுபடியும் பச்சைக் கரைதான்; அந்த இரண்டு மாதமும் அது ஐந்தைத் தாண்டவில்லை.

இப்போது கணக்கு. என்னைத் தோற்கடித்தது இதுவே, ஆகவே சற்று அதிகமாகவே வலியுறுத்துகிறேன். ரூ.1,200 பாயின் கொள்முதல் ரூ.650. முதல் முறை இதுபோன்ற ஒரு கணக்கில் விலையிலிருந்து கொள்முதலை மட்டும் கழித்தேன். அப்படிக் கழித்தால் மிச்சம் ரூ.550; 10 சதவீதம் குறைத்தால் ரூ.430, பத்துப் பாய் விற்ற இடத்தில் 13 விற்றால் போதும் என்று தோன்றும். ஆனால் அனுப்பவும் கட்டவும் ரூ.110, தளத்தின் தரகு 10 சதவீதம் ரூ.120. உண்மையில் கையில் நிற்பது ரூ.320. விலை ரூ.1,080 ஆனால் தரகு ரூ.108 ஆகி, மிச்சம் ரூ.212. பழைய மொத்தமான ரூ.3,200-ஐ எட்டவே 16 பாய் விற்க வேண்டும். படம் எடுக்க ஆளை வைத்து ரூ.1,500 செலவழித்தாலும், 5 பாயில் அது திரும்பிவிடும். அதன்பின் அந்தச் செலவு இல்லை. விலைக் குறைப்போ ஒவ்வொரு பாயிலும் கழிந்துகொண்டே இருக்கும், மீண்டும் ஏற்றினால் குறைந்த விலையைப் பார்த்தவர் முகம் சுளிப்பார்.

விடைத்தாளுக்காக:

- முதல் வரியிலேயே முடிவு, பிறகு காரணம்.
- எண்கள் இருந்தால் ஆட்கள் கழலும் படியைப் பெயரிட்டுச் சொல்லவும்.
- தரகையும் அனுப்புச் செலவையும் கழித்த பிறகே மிச்சம்.
- ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், எத்தனை நாள் என்பதோடு.
- "இரண்டும் செய்யலாம்" என்று எழுதவே வேண்டாம். (பொறுமையான சிலர் வரிசைப்படுத்தி எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள், எனக்கு அது கைவராது.)

விலையைக் குறைப்பதே சரி என்று வரும் வினாவும் உண்டு. சித்தி மொத்தக் கடையில் வாங்கிய நெகிழிப் பாய் அப்படித்தான். அதே பாய், அதே படத்தோடு, பத்துக் கடைகளில் ரூ.40 குறைவாகக் கிடைத்தது. அதற்குத் திண்ணை வெளிச்சத்தில் எத்தனை படம் எடுத்தாலும் வாங்குபவர் பக்கத்துக் கடைக்கே போவார். மழைக்காலத்துக்கு முன் தீர்க்க வேண்டிய கோரைச் சரக்கும் அப்படியே. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் பாதி விலைக்குக்கூட நகராது. அங்கே காத்திருப்பின் செலவு தள்ளுபடியைவிடப் பெரியது.

இம்முறை வினாவில் பாய்க்குப் பதில் மண் குவளை வந்தது. உள்ளே வந்தவர் 200, வாங்கியவர் 2. அளவு தெரியவில்லை என்ற புகார் ஓரத்தில் ஒரு வாக்கியமாக ஒளிந்திருந்தது. விலையைத் தொட வேண்டாம், குவளையைக் கையில் பிடித்தபடி ஒரு படமும் கொள்ளளவும் சேர்க்கவும், 30 நாள் பார்க்கவும் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.