113 எப்படி 118 ஆனது: போட்டோவில் வந்த பத்திரத்தைச் சரிபார்த்த அனுபவம்

என் தங்கை கணவர் ஒரு நிலத்துக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தார். புரோக்கர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார்: 1994ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம், கணினிப் பட்டா, புலப்படத்தின் நகல். மூன்றிலும் சர்வே எண் 118/2. பார்த்தால் எல்லாம் ஒத்துப்போகிறது. "ஒரு தடவை நீங்களும் பாத்துடுங்க மச்சான்" என்று எனக்கு அனுப்பினார். பணம் தப்பித்துவிட்டது, ஆனால் நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

முதலில் பட்டா. அரசுத் தளத்தில் எடுக்கும் பட்டாவின் அடியில் ஒரு குறிப்பு எண்ணும் க்யூஆர் கட்டமும் இருக்கும். eservices.tn.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று உடனே தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த படத்தில் சரியாக அந்த இடத்தில் கட்டைவிரல். முழுத் தாளும் தெரிகிற மாதிரி மறுபடி எடுத்து, படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிப்போகும். அந்த நிலையில் பெரிதாக்கிப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நல்ல தாளும் திருத்திய மாதிரி தெரியும், திருத்தியதும் நல்லது மாதிரி தெரியும்.

இரண்டாவது முறை வந்ததிலும் அடிப்பகுதி இல்லை. ஆனால் மற்றது தெளிவாகத் தெரிந்தது. தாளைச் சாய்வாகப் பிடித்து எடுத்திருந்ததால் அட்டவணைக் கோடுகள் எல்லாம் வலது பக்கம் போகப் போக மேலே ஏறின. உரிமையாளர் பெயர் வரி மட்டும் நேராகக் கிடந்தது. எழுத்தும் மற்ற வரிகளை விடக் கூர்மை. தாளில் சீட்டு ஒட்டி எடுத்திருந்தால் பெயரும் தாளோடு சேர்ந்து சாய்ந்திருக்கும், சீட்டின் ஓரத்தில் மெல்லிய நிழலாவது விழுந்திருக்கும். இங்கே படம் எடுத்த பிறகு பெயரை மேலே வைத்திருக்கிறார்கள். அதே தளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 118/2 வேறொருவர் பெயரில் இருந்தது, பரப்பு 29.5 ஏர். பரப்பு மட்டும் படத்தில் இருந்ததோடு ஒத்துப்போனது.

இதைச் சொன்னதும் புரோக்கர், "பட்டா இன்னும் மாறல சார், பத்திரம் பக்கா" என்றார். பட்டா மாறாமல் கிடப்பது ஊரெல்லாம் நடப்பதுதான், அதை வைத்து மட்டும் ஒரு நிலத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பத்திரத்தில் இருப்பது 40 சென்ட். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர், அப்படியானால் 29.5 ஏர் கிட்டத்தட்ட 73 சென்ட். பாக்கி 33 சென்ட் எங்கே என்று கேட்டேன். பதிலே இல்லை.

அப்புறம் பத்திரத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்தேன். கையால் எழுதியது. சொத்து விவரத்தில் 118. அதே எழுத்தர் வேறொரு பக்கத்தில் முந்தைய பத்திரத்தின் வருடத்தை 1988 என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு 8-ம் பேனாவை எடுக்காமல் ஒரே சுழியில் போட்டவை. சர்வே எண்ணில் இருந்த 8-க்கு இடது பக்கம் மட்டும் கோடு மெலிந்து, நடுவில் சேராமல் நின்றது. 3 ஒன்றை எடுத்து மூடினால் அப்படித்தான் வரும். பத்திரத்தில் உண்மையாகவே திருத்தம் செய்திருந்தால் எழுதிக்கொடுத்தவர் பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 20வது பிரிவு சொல்கிறது. இங்கே எந்தக் கையெழுத்தும் இல்லை.

என்றாலும் படம் சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. பதிவேடு பேச வேண்டும். வில்லங்கச் சான்றை எல்லோரும் சர்வே எண் போட்டுத்தான் தேடுகிறோம். 118/2 என்று தேடினால் 1994 பத்திரம் வரவே இல்லை. புரோக்கரோ, "பழசு, கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்க மாட்டாங்க" என்றார். இந்த மாதிரி இடத்தில் tnreginet.gov.in தளத்தில் ஆவண எண் வாரியாகத் தேட வேண்டும். அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம், ஆவண எண், வருடம் போதும், சர்வே எண்ணைப் பதிவேடே சொல்லிவிடும்.

தேடினேன். புரோக்கர் சொன்ன அலுவலகத்தைப் போட்டதும் யாரோ ஒருவரின் அடமானப் பத்திரம் வந்தது. நேரில் போய்க் கேட்டால் கவுண்டரில் இருந்தவர், "இந்த நம்பர்ல உங்க பத்திரம் இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போட்டோவைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றார். பாதி நாள் வெயிலில் போனது. அந்தக் கிராமம் இடையில் வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறிவிட்டது என்ற ஒரே ஒரு வரியை அவர் சொல்லியிருந்தால் எனக்கு அலைச்சல் மிச்சம். வீட்டுக்கு வந்து பத்திரத்தின் முத்திரையை நிதானமாகப் படித்தபோதுதான் பழைய அலுவலகத்தின் பெயர் தெரிந்தது. பத்திரம் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதை முத்திரையில் இருந்து எடுங்கள், புரோக்கர் வாயிலிருந்து எடுக்காதீர்கள். அலுவலகம் தவறினால் நல்ல பத்திரமும் போலி மாதிரி தெரியும்.

பழைய அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டதும் பத்திரம் வந்துவிட்டது. அதே தரப்பினர், அதே 40 சென்ட், சர்வே எண் மட்டும் 113/2. சரி, இப்போது 113/2 என்று வில்லங்கம் போட்டால், அந்த நிலத்தை 2006லேயே வேறொருவருக்கு விற்றுவிட்டிருக்கிறார்கள். விற்று முடித்த நிலத்தின் பத்திரத்தில் ஒரு எண்ணை மாற்றி, வேறு யாரோ ஒருவரின் நிலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

புலப்படமும் 113-இன் படம்தான். தலைப்பில் 118 என்று மாற்றியவர்கள் புலத்தைச் சுற்றி இருந்த பக்கத்து எண்களை விட்டுவிட்டார்கள். 112, 114 என்று அப்படியே இருந்தன. தளத்தில் எடுத்த உண்மையான 118-ஐச் சுற்றி 117, 119. புரோக்கர் அனுப்பிய புலப்படத்தில் உட்பிரிவு 2 ஒரு செவ்வகம், பக்கங்கள் 50 மீட்டர், 32 மீட்டர். பெருக்கினால் 1,600 சதுர மீட்டர், அதாவது 16 ஏர், ஏறக்குறைய 40 சென்ட். பத்திரத்தோடு பொருந்துகிறது, பட்டாவோடு பொருந்தவில்லை.

அதில் இருந்த வட்டாட்சியர் அலுவலக முத்திரை இன்னொரு கதை. கையெழுத்தின் கீழே தேதி 2016. முத்திரையில் இருந்த மாவட்டமோ 2019 நவம்பரில் பிரிந்தது. தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நிலம் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆனால் இந்தக் கணக்கு வருவாய்த்துறை முத்திரைக்கு மட்டும்தான். பதிவுத்துறையின் பதிவு மாவட்டம் வேறு பிரிவு, அதன் பெயரை வைத்து அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தேன், சிரமமில்லாமல் கிடைத்தது. அதில் தெளிவாக 113. நான்கெல்லையும் படத்தில் இருந்ததே. எண்ணை மாற்றியவர்கள் எல்லையில் கை வைக்கவில்லை. நகலை அனுப்பியதும் புரோக்கர் பழைய படங்களை 'எல்லோருக்கும் நீக்கு' கொடுக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் முன்பே தனியாகச் சேமித்து வைத்திருந்தோம். 118/2-இன் உண்மையான பட்டாதாரரைக் கிராம நிர்வாக அலுவலர் மூலமாகக் கண்டுபிடித்து அவரிடமே கொடுத்துவிட்டோம். அவர் நிலத்தை விற்கும் எண்ணமே இல்லாதவர். படங்களோடு போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்.