ரிசப்ஷன் கச்சேரிக்குப் பிறகு ஒரு காது மட்டும் அடைத்தே இருந்தால் காத்திருக்காதீர்கள்

மாமா பெண்ணின் ரிசப்ஷனில் லைட் மியூசிக். எனக்கும் மச்சானுக்கும் ஸ்பீக்கரை ஒட்டித்தான் இடம் கிடைத்தது, ஸ்பீக்கர் என் இடது பக்கம். வீடு திரும்பும்போது இருவருக்கும் காதில் பஞ்சு வைத்த மாதிரி அடைப்பு, கூடவே 'கொய்ங்' என்ற இரைச்சல். மறுநாள் மச்சானுக்குத் தெளிந்துவிட்டது. எனக்கும் வலது காது சரியானது, இடது காது மட்டும் திறக்கவே இல்லை. காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தேன். வலது பக்கம் சரசரவென்று கேட்டது, இடது பக்கம் ஒன்றுமே இல்லை.

பக்கத்து கிளினிக்கில் காதுக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்காமல், "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று சொட்டு மருந்து எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். பெரிய சத்தத்தில் உள்காதின் நுண்ணிய மயிர் செல்கள் களைத்துப் போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அவை தேறிவிடும், மச்சானுக்கு நடந்தது அதுதான். தேறாமல் நின்றுவிட்டால் அதைச் சொட்டு மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. திடீரென ஒரு காது மங்கினால் ஸ்டீராய்டு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்களோ அவ்வளவு நல்லது, நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் தூக்கலாகக் கேட்டால் அழுக்கோ நீரோ காரணமாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் சாய்ந்து கேட்டால் உள்காதையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். எனக்கு நல்ல காதுப் பக்கம்தான் கேட்டது. இது ஒரு குறிப்புதான், இதை மட்டும் நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

ஈஎன்டி ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் "காது அடைப்பு" என்றதும் அடுத்த வாரத்துக்கு டோக்கன் போட்டார்கள். "அடைப்பு இல்லைங்க, ஒரு காது திடீர்னு கேட்கலை" என்று அழுத்திச் சொன்ன பிறகுதான் அன்றைக்கே உள்ளே விட்டார்கள். நீங்களும் இப்படியே சொல்லுங்கள். டாக்டர் பார்த்தபோது அழுக்கும் இல்லை, செவிப்பறையில் ஓட்டையும் இல்லை. ஆடியோகிராம் எடுத்தார்கள், சத்தமில்லாத சின்ன அறை, ஹெட்போன், 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. பெரிய சத்தத்தால் காது பாதித்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் அடி விழுமாம்.

சர்க்கரை அளவு பார்த்துவிட்டு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாத்திரை சர்க்கரையை ஏற்றும். மறுபடி எடுத்த ஆடியோகிராமில் பள்ளம் பாதிக்கு மேல் மேலேறிவிட்டது, அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இரைச்சல் மட்டும் ராத்திரியில் இன்னும் லேசாக இருக்கிறது.

இரண்டு காதும் அடைத்து மெல்லத் திறந்துகொண்டே வந்தால் ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம், அதுவரை ஹெட்போனும் பட்டாசும் வேண்டாம். ஒரு காது மட்டும் மங்கினாலோ, தலைசுற்றலோ கடும் வலியோ ரத்தமோ சேர்ந்து வந்தாலோ அன்றைக்கே ஈஎன்டியிடம் போய், ஆடியோகிராம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.