மாதம் 3,250 எப்படி வந்தது? கடலூரில் ஃப்ரிட்ஜ் தவணைக்கு அலைந்த கதை

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதோடு முடியவில்லை. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணையில் தண்ணீர் வந்து, கடலூரில் சித்தி வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் போய்விட்டது. சித்தி இட்லி மாவு அரைத்து விற்பவர். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மாலைக்குள் மாவு புளித்துவிடும். அதனால் புது ஃப்ரிட்ஜ் உடனே வேண்டும், கையில் முழுப் பணம் இல்லை. பாண்டியில் கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம் ஆனது. விலைச் சீட்டில் 30,000. ஃபைனான்ஸ் மேசையில் இருந்த தம்பி, "நோ காஸ்ட் இ.எம்.ஐ. மேடம், வட்டியே கிடையாது, பத்து மாசம், மாசம் 3,250தான்" என்றார்.

30,000-ஐப் பத்தால் வகுத்தால் 3,000 வரும். வட்டியே இல்லை என்றால் அந்த 250 என்ன? கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தான் வருது மேடம்." மறுபடி கேட்டேன். "எல்லாம் சேர்த்து மேடம்." எல்லாம் என்றால் என்னவென்று எழுதிக் கொடுங்கள் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் பாவம் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்ந்திருக்குக்கா. 2,500." நாங்கள் கேட்கவே இல்லை. அதைக் கடனோடு கலந்து பத்தாகப் பிரித்ததால் மாதம் 250 என்று சின்னதாகிவிட்டது. அந்த வாரண்டித் தாளைப் படித்தால், வெள்ளத்தில் போனால் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறது. ஆற்றங்கரையில் இருக்கும் வீட்டுக்கு இது எதற்கு? எடுக்கச் சொன்னோம். தவணை 3,000-க்கு இறங்கியது.

அன்று அதற்கு மேல் நகரவில்லை. சித்தியின் ஆதாரோடு இணைத்த நம்பர் சித்தப்பா மகனிடம். அவன் நெய்வேலியில் ஷிப்டில், போன் லாக்கரில். ஓ.டி.பி. வராமல் எந்தப் பக்கமும் திறக்காது. ஓர் அலைச்சல் வீண் என்று எரிச்சலாக இருந்தது. (தவணைக்குப் போகிறவர்கள் ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் நினைவாக எடுத்துப் போவீர்கள். அந்த நம்பர் இருக்கும் போனையும் கையோடு கொண்டுபோங்கள்.)

மறுபடி போனபோது நான் முதலில் கேட்டது கடன் விவரத் தாள். 2024 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் இந்த மாதிரிக் கடன்களுக்கு, கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாளில் எல்லாக் கட்டணத்தையும், அவற்றைச் சேர்த்த ஆண்டு வட்டியையும் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, வாங்குபவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பிறகு போட முடியாது. தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளாவது செல்லும். அதனால் கடன் விஷயத்தில் "இன்னிக்கு மட்டும்" என்று விரட்ட முடியாது. கடையின் விலைக்கு அந்தக் காவல் இல்லை, அது வேறு கதை.

தம்பி ஆங்கிலத்தில் ஒரு லிங்க் அனுப்பினார். தமிழில் வேண்டும் என்றேன். "தமிழ்ல வராது மேடம்." சித்தி விடவில்லை. "எனக்குத்தானேப்பா கடன்? எனக்குப் படிக்கத் தெரிய வேண்டாமா?" என்றார். திரையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தால் மொழி மாற்றும் இடம் அங்கேயே இருக்கிறது. தம்பி இவ்வளவு நாளும் அதை அழுத்தியதே இல்லை போல.

தமிழில் படித்ததும் இரண்டு விஷயம் தெளிவானது. ஒன்று, பத்துத் தவணையில் இரண்டை இன்றே கட்ட வேண்டும், அதாவது 6,000. அப்படியென்றால் கடன் 30,000 இல்லை, 24,000தான். பாக்கி எட்டு மாதம். இரண்டு, பிராசஸிங் கட்டணம் 799, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 943. இதையும் முதல் நாளே கட்ட வேண்டும். ஆக இன்று கையை விட்டுப் போவது 6,943. வாய்வார்த்தையில் இது எதுவும் வரவில்லை.

வட்டி என்ற இடத்தில் பூஜ்யம். ஆனால் வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. அது வேறு எங்காவது ஒளிந்திருக்கும். பெரும்பாலும் ஒளியும் இடம், ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி. கடன் கொடுக்கிற நிறுவனத்தின் தாளில் அது வராது. கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் முதலிலேயே தவணை என்று சொல்லிவிட்டதால் ரொக்க விலையை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. "ரெண்டும் ஒரே விலைதான்" என்றார்கள். வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் புது ஆள் போல அதே கடைக்குப் பேசி, அதே மாடல், முழுப் பணமும் ரொக்கம், கடைசி விலை என்ன என்று கேட்டார். 28,200 என்று பதில் வந்தது. உள்ளே போய் அந்த எண்ணைச் சொன்னதும் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அது ரொக்கத்துக்கும்மா" என்றார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து சித்திக்குக் கணக்குச் சொன்னேன். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்றால் அவருக்கு ஒட்டாது. ஒரு வட்டி, ரெண்டு வட்டி என்றால் உடனே புரியும். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய், அவ்வளவுதான்.

ரொக்க விலை 28,200. இன்று கட்டுவது 6,943. அப்படியானால் நிஜத்தில் அவர்கள் நமக்குக் கொடுக்கும் கடன் 21,257. திருப்பிக் கட்டுவது எட்டு மூவாயிரம், 24,000. கூடுதல் 2,743. எட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 343 ரூபாய். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. முதல் மாதம் 21,257, கடைசி மாதம் மூவாயிரத்துக்கும் கீழே. நடுவாக எடுத்தால் நம் கையில் சராசரியாக இருப்பது 12,000. பன்னிரண்டாயிரத்துக்கு மாதம் 343 என்றால் நூற்றுக்கு 2 ரூபாய் 85 காசு.

சித்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மூணு வட்டியா? அடகுக் கடையிலகூட நான் மூணு வட்டிக்கு வாங்கினதில்லடி."

வங்கி முறையில் சுத்தமாகப் போட்டாலும் ஆண்டுக்கு 33 சதவீதம் வருகிறது. டீக்கடைக் கணக்கில் பெரிய பிழை இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். திட்டமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ரொக்க விலையும் நிஜமாகவே 30,000 என்று இருந்திருந்தால் கூடுதல் அந்த 943 மட்டும்தான். கடன் 23,057, சராசரி 13,000, மாதம் 118 ரூபாய். ஒரு வட்டிக்கும் கீழே. அப்படிக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அதே தவணை, அதே கட்டணம், அதே மாதம் 3,000. ரொக்க விலை ஒன்றுதான் மாறியது. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் "ரொக்கமா, இ.எம்.ஐ.யா?" என்று கேட்டால், "முதல்ல விலையைச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். ரொக்க விலையைப் பேசி முடித்து, அதைச் சீட்டில் எழுத வைத்த பிறகு தவணையைப் பற்றி வாயைத் திறங்கள்.

சித்தியிடம் 6,200 இருந்தது. அரசின் வெள்ள நிவாரணம் 2,000 வந்தது. (பாண்டியில் எங்கள் பக்கம் 5,000. சித்திக்கு அதில் இன்னும் ஒரு வருத்தம்.) பாக்கி 20,000-ஐ மகளிர் குழுவில் கேட்கலாம் என்றார். அங்கே ஒரு வட்டி, குறைகிற பாக்கிக்கு மட்டும். மாதம் 2,000 அசல், முதல் மாத வட்டி 200, அடுத்தது 180, இப்படியே இறங்கிக் கடைசி மாதம் 20. மொத்த வட்டி 1,100. முதல் மாதம் 2,200 கட்டினால் கடைசியில் 2,020. எழுதிக் காட்டியதும் சித்தி விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எந்த மாதம் எவ்வளவு, அதில் அசல் எது, வட்டி எது என்று அவரே என்னிடம் திருப்பிச் சொன்னார்.

இதிலும் சிக்கல் உண்டு. குழுக் கூட்டம் கூடும் வரை காத்திருக்க வேண்டும். வெள்ளம் என்பதால் எல்லாருமே கேட்பார்கள். அதுவரை மாவு வியாபாரம் பாதிதான். கடைத் தவணையின் கூடுதல் 2,743, குழு வட்டி 1,100, வித்தியாசம் சுமார் 1,600. காத்திருக்கும் நாட்களில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் போகும் வருமானம் அந்த 1,600-ஐத் தாண்டினால் கடையின் தவணையே லாபம் என்றும் சித்தியிடம் சொன்னேன். அவர் காலையில் மட்டும் அரைத்து, பக்கத்துத் தெருவிலேயே விற்றுச் சமாளித்தார். அடுத்த கூட்டத்தில் பணம் கிடைத்தது.

கடையை விட்டு வருவதற்கு முன் செய்த ஒரு காரியத்தை மறக்காமல் சொல்கிறேன். தம்பி வரிசையாக ஓ.டி.பி. கேட்டுக்கொண்டே இருப்பார். ஒன்று ஆதாருக்கு, ஒன்று ஒப்பந்தத்துக்கு, இன்னொன்று வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கு. எல்லாம் ஒரே மாதிரி எண்கள்தான், ஆனால் ஒப்பந்தத்துக்கான எண்ணைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்று. மெசேஜை முழுக்கப் படித்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். நாங்கள் ஆதாருக்கு வந்த ஓ.டி.பி.க்கு மேல் எதையும் சொல்லவில்லை. இருந்தும் மறுநாள் "உங்கள் கடன் தயார்" என்று மெசேஜ் வந்தது. சித்தியின் வங்கிக் கிளையில் கேட்டு, எந்த அனுமதியும் பதிவாகவில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

ரொக்கத்தோடு போனபோது அதே மேனேஜர் பில்லில் 28,700 போட்டார். 500 டெலிவரிக்காம். சித்தி, "போன்ல சொன்னது 28,200 வீட்டுக்கு வந்து இறக்கி" என்று ஒரே பிடியாக நின்றார். என் வீட்டுக்காரர் அப்படிக் கேட்டாரா என்று எனக்கே தெரியாது. 28,200-க்கு பில் வந்தது.